பத்து வீதக் கொமிஷன் என்றால் கையில் எவ்வளவு? திருகோணமலையில் கத்தரியும் நெல்லும் விற்கும் மூன்று வழிகள்

கும்புறுப்பிட்டி, நிலாவெளிப் பக்கம் கத்தரி போடுகிறவர்களிடம் எங்கே விற்கிறீர்கள் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் கொமிஷனைச் சொல்லியே வரும். "அந்தக் கடை பத்து எடுக்கும், இந்தக் கடை எட்டுத்தான்" என்பார்கள். "ஊருக்கு வாற வியாபாரி கொமிஷனே எடுக்கிறதில்லை" என்றும் சொல்வார்கள். கேட்க எளிதான ஒப்பீடு இது. ஆனால் கடைசியில் கைக்கு வரும் காசு அந்த எண்ணை மட்டும் பார்த்து வருவதில்லை. கொமிஷன் காசில் கழிகிறது, கடைக்காரர் வெட்டும் கழிவு நிறையில் கழிகிறது, லொறிக் கூலியும் இறக்குக் கூலியும் மூடைக்கு இவ்வளவு என்று கழிகின்றன. மூன்றும் மூன்று அடிப்படையில் நடப்பதால், ஒரே அளவில் கொண்டுவந்து வைக்காமல் எந்தக் கடை நல்லது என்று சொல்ல முடியாது.

நான் பார்க்கும் அளவு ஒன்றுதான். எல்லாம் கழிந்து கையில் வந்த காசை, வயலில் ஏற்றிய கிலோவால் பிரிக்க வேண்டும். கடையில் நிறுத்த கிலோவால் பிரிக்கக் கூடாது. கடைத் தராசில் வந்த நிறையை எடுத்தால், வழியில் வாடியதும் கழிவாகப் போனதும் கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

நம் பக்கத்தில் ஒரு கத்தரித் தோட்டக்காரருக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வாகனத்தோடு தோட்டத்துக்கே வந்து எடுக்கும் ஊர் வியாபாரி. அவர் சரக்கைத் தன் காசுக்கு வாங்குகிறார், அதனால் கொமிஷன் என்ற பேச்சே இல்லை. அவருடைய இலாபமும் லொறிச் செலவும் அவர் சொல்லும் விலைக்குள்ளேயே இருக்கும். இரண்டாவது, திருகோணமலை நகரச் சந்தையில் உள்ள கொமிஷன் கடை. அங்கே முதலாளி நமக்காக விற்றுக் கொடுத்து, விற்ற தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். மூன்றாவது, கந்தளாய், ஹபரணை தாண்டி நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டிய தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம். 1999இல் தொடங்கிய அந்தச் சந்தைக்குப் பல மாவட்டங்களில் இருந்து வாங்குவோர் வருவதால், அங்கே விலை பொதுவாக ஒரு படி மேலே நிற்கும். பின்னேரம் ஏற்றிய சரக்கு இரவோடு போய்ச் சேரும். தோட்டக்காரர் பெரும்பாலும் கூடப் போவதில்லை, கடையில் எழுதித் தரும் துண்டும் காசும் லொறிக்காரர் கையில்தான் திரும்பி வரும்.

இனி ஒரு கணக்கு. பத்து உரப்பைகள், பையொன்றில் 40 கிலோ, மொத்தம் 400 கிலோ கத்தரிக்காய். கீழே வரும் கூலியும் கழிவும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் துண்டில் உள்ள எண்களை அதே இடத்தில் போட்டுப் பார்த்தால் உங்கள் கணக்கு வந்துவிடும்.

விலை நன்றாக உள்ள ஒரு நாளை முதலில் எடுப்போம். ஊர் வியாபாரி கிலோவுக்கு 160 ரூபாய் சொல்கிறார், பைக்கு 2 கிலோ கழிக்கிறார். நகரக் கடையில் 200 ரூபாய், பைக்கு 1 கிலோ கழிவு, கொமிஷன் 10 வீதம், லொறி பைக்கு 200, இறக்குக் கூலி 40. தம்புள்ளையில் 220 ரூபாய், கழிவும் கொமிஷனும் நகரக் கடையைப் போலவே, ஆனால் லொறி பைக்கு 450, அங்கு மூடை இறக்கும் நாட்டாமிக்கு 60. இரவுப் பயணத்தில் கத்தரி வாடுவதால் 12 கிலோ நிறை குறைகிறது என்றும் வைப்போம்.

ஊர் வியாபாரியிடம் 380 கிலோவுக்குக் காசு, 60,800 ரூபாய். வயலில் ஏற்றிய கிலோ ஒன்றுக்கு 152 ரூபாய். நகரக் கடையில் 390 கிலோவுக்கு 78,000. கொமிஷன் 7,800 போக 70,200. லொறியும் கூலியும் 2,400 போக 67,800 மிஞ்சுகிறது, அதாவது கிலோவுக்கு 169 ரூபாய் 50 சதம். தம்புள்ளையில் 378 கிலோவுக்கு 83,160. கொமிஷன் 8,316, லொறியும் நாட்டாமியும் 5,100. மிஞ்சுவது 69,744, கிலோவுக்கு 174 ரூபாய் 36 சதம்.

தம்புள்ளைதான் முதலிடம். விலை 20 ரூபாய் கூட இருந்தும் கைக்கு வந்த வித்தியாசம் கிலோவுக்கு 5 ரூபாய்க்கும் குறைவு என்பதைக் கவனியுங்கள். பத்துப் பைக்கும் சேர்த்து 1,944 ரூபாய்தான். அந்தப் பத்தில் ஒரு பை "இரண்டாம் தரம்" என்று பாதி விலைக்குப் போனால் 3,700 ரூபாய்க்கு மேல் குறையும், நகரக் கடை முன்னே வந்துவிடும். நாம் கூட இல்லாத இடத்தில் தரம் பிரிப்பது யார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இப்போது விலை விழுந்த நாள். கூலியோ கொமிஷனோ கழிவோ எதுவும் மாறவில்லை. ஊரில் 45, நகரத்தில் 60, தம்புள்ளையில் 65 ரூபாய் என்று விலை மட்டும் இறங்கியிருக்கிறது.

| | ஊர் வியாபாரி | நகரக் கொமிஷன் கடை | தம்புள்ளை |
|---|---|---|---|
| நல்ல விலை நாளில் கையில் | 60,800 | 67,800 | 69,744 |
| ஏற்றிய கிலோவுக்கு | 152.00 | 169.50 | 174.36 |
| விலை விழுந்த நாளில் கையில் | 17,100 | 18,660 | 17,013 |
| ஏற்றிய கிலோவுக்கு | 42.75 | 46.65 | 42.53 |

முதலிடத்தில் இருந்த தம்புள்ளை கடைசிக்குப் போய்விட்டது. கொமிஷனே எடுக்காத, நாம் எப்போதும் குறை சொல்லும் ஊர் வியாபாரிக்கும் கீழே. காரணம் கொமிஷன் அல்ல, அது விலையோடு சேர்ந்தே இறங்கியது. லொறியும் நாட்டாமியும் சேர்ந்த 510 ரூபாய் மட்டும் இறங்காமல் பைக்குப் பை நின்றது. 400 கிலோவும் தம்புள்ளை விலையில் அப்படியே விற்றிருந்தால் வரக்கூடிய தொகையோடு ஒப்பிட்டால், நல்ல நாளில் கழிந்தது நூற்றுக்கு 21 அளவில், விழுந்த நாளில் நூற்றுக்கு 35 அளவில். துண்டில் எழுதியிருக்கும் கொமிஷன் இரண்டு நாளும் அதே பத்து.

இந்தக் கணக்கில் இருந்து லொறி ஏற்றுவதற்கு முன் பார்க்கக்கூடிய ஓர் அளவை எடுக்கலாம். மேலே உள்ள கூலிகளோடு, நகரத்தில் 60 ரூபாய் போகும்போது தம்புள்ளையில் குறைந்தது 70 இருந்தால்தான் இரண்டும் சமன். நகரத்தில் 100 என்றால் அங்கே 111, நகரத்தில் 200 என்றால் அங்கே 214 இருக்க வேண்டும். ஆக விலை தாழ்ந்த நாளில் ஆறில் ஒரு பங்கு கூட வேண்டும், உயர்ந்த நாளில் பதினான்கில் ஒரு பங்கு போதும். தம்புள்ளை மொத்த விலையை மத்திய வங்கி தன் தினசரி விலை அறிக்கையில் வெளியிடுகிறது. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவகமும் சந்தை விலைகளைத் தருகிறது. அவற்றைப் பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அது கடைக்காரர் மொத்தமாக விற்கும் விலை. நமக்குக் கிடைக்கும் விலை அதற்குக் கீழேதான் தொடங்கும், அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன கழிப்பெல்லாம்.

கழிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துண்டில் தெரியாமல் காசு போவது அங்கேதான். பைக்கு 1 கிலோ கழிப்பதற்குக் கடையில் சொல்லும் காரணம் சாக்கின் நிறை. பழைய சணல் சாக்கு ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும், ஈரம் பட்டால் அதற்கு மேலும் போகும். அந்தக் காலத்தில் அது நியாயம். இன்று நாம் ஏற்றுவது பிளாஸ்டிக் இழை உரப்பையில். அது நூறு, நூற்றைம்பது கிராம்தான். பத்து வெறும் பைகளை ஒன்றாகக் கட்டித் தராசில் வைத்தால் ஒன்றரைக் கிலோ கூட வராது. பத்துக் கிலோ கழித்தால் எட்டரைக் கிலோவுக்கு மேல் கத்தரிக்காயே போகிறது. 200 ரூபாய் நாளில் அது 1,700 ரூபாய். நான் தம்பிமாருக்குச் சொல்வது, வெறும் பைகளை அங்கேயே நிறுத்துக் காட்டுங்கள் என்று. அதைப் பார்த்த பிறகும் கழிக்கத்தான் செய்வேன் என்றால், அது சாக்குக் கழிவு அல்ல, விலைக் குறைப்பு. அதை விலையோடு சேர்த்தே பேச வேண்டும்.

இன்னொன்று, நூற்றுக்குப் பத்துக் கழிவு. யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் நெடுங்காலமாக விவசாயிகள் எதிர்த்துவரும் நடைமுறை இது. நூறு கிலோ கொடுத்தால் தொண்ணூறு கிலோவுக்குக் காசு. இப்படிக் கழிக்கும் கடைக்காரர் "நான் கொமிஷன் எடுக்கிறதில்லை" என்று சொன்னால், உடனே கோபப்படாமல் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 400 கிலோவில் 40 கிலோ போக 360 கிலோ, 200 ரூபாய்க்கு 72,000. பைக்கு ஒரு கிலோவும் பத்து வீதக் கொமிஷனும் எடுக்கும் கடையில் கூலிக்கு முன் 70,200. பத்து வீதக் கழிவுக் கடைதான் 1,800 ரூபாய் கூடத் தருகிறது. நட்டம் பெரிதாவது இரண்டும் சேரும்போது. பத்து வீதம் நிறையிலும் பத்து வீதம் காசிலும் போனால் 64,800தான் மிஞ்சும், நூற்றுக்குப் பத்தொன்பது போய்விட்டது. அதனால் "கொமிஷன் எவ்வளவு" என்று மட்டும் கேட்டு வைக்காதீர்கள். கும்புறுப்பிட்டி அண்ணர் ஒருவர் கடையில் கேட்கும் விதம் எனக்குப் பிடிக்கும்: "முதலாளி, நான் இறக்கின கிலோ, நீங்கள் கழிச்ச கிலோ, வித்த விலை, கொமிஷன், கூலி, அஞ்சையும் துண்டில வேற வேறயா எழுதித் தாங்கோ." அப்படி எழுதித் தரும் கடையில் கொமிஷன் ஒரு வீதம் கூட இருந்தாலும் நான் அங்கேயே போடச் சொல்வேன். எழுதப்படாத கழிப்பு ஒரு வீதத்தோடு நிற்பதில்லை.

தராசில் இன்னொரு சிறு வழி உண்டு. 41.6 என்று காட்டும் பையை 41 என்று எழுதுவது, 40.9ஐ 40 என்று எழுதுவது. ஒவ்வொரு பையிலும் தசமத்தை விட்டால் சராசரியாக அரைக் கிலோ போகும். பத்துப் பைக்கு 5 கிலோ, நல்ல நாளில் ஆயிரம் ரூபாய். பைகளை ஒவ்வொன்றாக நிறுக்காமல் இரண்டு மூன்றாக ஏற்றி நிறுக்கச் சொன்னாலே இந்த இழப்பு குறைந்துவிடும். வீட்டில் நிறுத்து, பையின் மேலேயே மார்க்கர் பேனாவால் எண்ணை எழுதி அனுப்பினால், கூடப் போகாத நாளிலும் வித்தியாசம் கண்ணில் படும். கடைத் தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வியாபாரத் தராசுகளை ஒவ்வோர் ஆண்டும் சோதித்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டம்.

கொமிஷன் கடையில் தெரியாமல் போகும் மற்றொன்று விற்ற விலை. நமக்காக விற்றுக் கொடுக்கிறார் என்றால், அவர் எவ்வளவுக்கு விற்றார் என்பது அவர் சொல்லித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. 215க்கு விற்று 200 என்று எழுதினால் கொமிஷன் பத்து அல்ல, பதினாறு வீதத்துக்கு மேல். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரே நாளில் ஒரே மரக்கறியைப் போட்ட நாலைந்து பேர் தங்கள் துண்டுகளை ஒன்றாக வைத்துப் பார்ப்பது. தரம் ஒன்றாக இருந்தும் ஒரு கடையின் விலை வாரக்கணக்கில் மற்றக் கடைகளை விடக் கீழே நின்றால் விசயம் விளங்கிவிடும். ஒரு நாள் குறைந்தால் அது சந்தை, தொடர்ந்து குறைந்தால் அது கடை.

இவ்வளவும் கடையைத் தெரிவு செய்யக்கூடியவருக்கு. பலருக்கு அந்தத் தெரிவு நாற்று நடும்போதே போய்விடுகிறது. முற்பணம் வாங்கியவர் கொடுத்தவருக்கே சரக்கைப் போட வேண்டும். வட்டி இல்லை என்பார்கள், ஆனால் விலையில் கொஞ்சம் குறையும். 50,000 ரூபாய் முற்பணம், கிலோவுக்கு 5 ரூபாய் குறைவு, போகம் முழுக்க 4,000 கிலோ காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,000 ரூபாய் போகிறது. அதே 50,000ஐ மாதம் இரண்டு வீத வட்டிக்கு ஐந்து மாதம் எடுத்திருந்தால் வட்டி 5,000தான். காய் கூடக் காய்க்க அந்த மறைந்த வட்டியும் கூடும் என்பதுதான் இதில் மோசமானது. ஒருவர் நன்றாக உழைத்த போகத்தில்தான் அதிகம் இழக்கிறார். என் கண்ணில் இந்த வட்டாரத்து விவசாயியின் ஆகப் பெரிய கழிப்பு இதுதான், பத்து வீதக் கொமிஷன் அதற்குப் பின்னால்தான். இருந்தாலும் பயிர் அழிந்தால் முற்பணம் கொடுத்தவர் அடுத்த போகம் வரை பொறுக்கிறார், அடகு வைத்த இடம் பொறுக்காது. அதையும் நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும்.

நெல்லுக்கு வந்தால் கொமிஷன் என்ற பேச்சு குறைவு, ஈரம் என்ற பேச்சுத்தான் எல்லாம். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் வயல்களில் வெட்டு மெசினில் இருந்து நெல் கொட்டும்போதே வியாபாரியின் லொறி வரம்போரம் நிற்கும். அவருக்கு ஈர நெல்லாகக் கொடுக்கலாம், அல்லது காயவைத்து நெல் சந்தைப்படுத்தல் சபைக்கோ ஆலைக்கோ கொடுக்கலாம். சபை கேட்பது 14 வீதத்துக்கு மேற்படாத ஈரப்பதம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த விலை கிலோவுக்கு நாடு 120, சம்பா 125, கீரி சம்பா 132 ரூபாய்.

ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கு நியாயமான ஒரு கணக்கு உண்டு. நெல் காயும்போது போவது தண்ணீர் மட்டும்தான், உள்ளே உள்ள உலர்ந்த பகுதி மாறாது. 20 வீத ஈரத்தில் 1,000 கிலோ நெல் என்றால் உலர்ந்த பகுதி 800 கிலோ. 14 வீத ஈரத்தில் அந்த 800 கிலோ மொத்த நிறையில் 86 வீதம் ஆகும். 800ஐ 86ஆல் பிரித்து நூறால் பெருக்கினால் 930 கிலோ. அதாவது நியாயமான ஈரக் கழிவு நூற்றுக்கு 7. ஈரம் 18 என்றால் அது 5க்கும் குறைவு, 22 என்றால் 9க்குக் கொஞ்சம் மேல். 18 வீத நெல்லுக்கு நூற்றுக்குப் பத்து வெட்டும் வியாபாரி வேண்டியதை விட இரு மடங்கு எடுக்கிறார் என்று இதை வைத்துச் சொல்லலாம். கையால் நெல்லை அள்ளிப் பார்த்து "ஈரம் கூட" என்று சொல்பவரிடம் மீற்றரில் காட்டச் சொல்ல வேண்டும். காலையில் பனி காயுமுன் வெட்டிய நெல்லும் மத்தியானம் வெட்டிய நெல்லும் ஒரே எண்ணைக் காட்டாது. ஆகவே மூடைக் குவியலின் மேலிருந்து மட்டும் எடுக்காமல், பல மூடைகளில் இருந்து எடுத்துக் கலந்து அளக்க வேண்டும்.

அதே 1,000 கிலோவை இரண்டு வழியிலும் விற்றுப் பார்ப்போம். வரம்போரம் வியாபாரி 105 ரூபாய் சொல்கிறார், 50 கிலோ மூடைக்கு ஒரு கிலோ கழிக்கிறார். 980 கிலோவுக்கு 102,900 ரூபாய், அன்றே கையில். காயவைத்தால் 930 கிலோ. தூற்றியதில் பத்துக் கிலோ சாவி, அதாவது பதர், போக 920 கிலோ, நாடு நெல் 120 ரூபாய்க்கு 110,400. காயவைக்கும் கூலி 3,000, பத்தொன்பது மூடைக்கு ஏற்றுக்கூலியும் வாகனமும் மூடைக்கு 150 வீதம் 2,850 என்று வைத்தால் மிஞ்சுவது 104,550. கூடக் கிடைத்தது 1,650 ரூபாய். அதற்காக நெல்லை மூன்று நாள் வெயிலில் பரப்பி, இரவு காவல் இருந்து, காசு வங்கிக் கணக்கில் விழும்வரை பொறுக்க வேண்டும்.

பெரும்போக நெல் வெட்டும் மாசி மாதத்தில் நம் பக்கம் மழை முழுதாக விட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. படங்குக்குக் கீழே நனைந்து நிறம் மாறிய நெல்லை சபையும் எடுக்காது, ஆலையும் விலை வெட்டும். எனவே களமும் படங்கும் வீட்டு ஆட்களும் உள்ளவருக்குக் காயவைப்பது இலாபம், கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டியவருக்கு இந்த விலையில் 105ஐ வாங்கிக்கொள்வதே நல்லது. ஆனால் வியாபாரி 105க்குப் பதில் 95 சொன்னால் வரம்போரத்தில் கிடைப்பது 93,100தான். அப்போது ஆள் பிடித்தாவது காயவைக்க வேண்டும். ஈரம் 20 உள்ள நாடு நெல்லுக்கு, 120 ரூபாய் விலையை வைத்து, தண்ணீரை மட்டும் கழித்தால் வருவது 111 ரூபாய் 60 சதம். வரம்போரத்தில் பேரத்தை அந்த எண்ணில் இருந்து தொடங்கி, கூலிக்கும் சாவிக்கும் மூடைக் கழிவுக்கும் எவ்வளவு இறங்குகிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இறங்குங்கள்.